போனில் நிராகரித்த ரெக்ரூட்டரிடம் அதை எழுத்தில் வாங்குவது எப்படி?

மூன்று சுற்று இன்டர்வியூ முடிந்திருக்கும். ஒரு நாள் மாலை ரெக்ரூட்டர் கூப்பிட்டு, "இந்தத் தடவை மூவ் ஆகல, அடுத்த ஓப்பனிங் வந்தா சொல்றேன்" என்று அரை நிமிடத்தில் பேச்சை முடித்துவிடுவார். நாமும் "சரி, தேங்க்ஸ்" என்று வைத்துவிடுவோம். முடிவு எடுத்தது நிறுவனமா, கன்சல்டன்சியா? விண்ணப்பத்தை மூடிவிட்டார்களா, கிடப்பில் போட்டிருக்கிறார்களா? இந்தக் கேள்விகள் எல்லாம் போனை வைத்த பிறகுதான் வரும்.

சென்னையில் கன்சல்டன்சி வழியாக ஐ.டி. வேலை தேடுபவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வேறு துறைக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். விண்ணப்பித்தவரை ஏன் எடுக்கவில்லை என்று ஒரு தனியார் நிறுவனம் எழுதித் தர வேண்டும் என்கிற பொதுவான சட்டக் கட்டாயம் இந்தியாவில் இல்லை. ஆகவே நாம் அனுப்பப்போவது ஒரு வேண்டுகோள்தான். அதை உரிமைக் கோரிக்கை போல எழுதினால் ரெக்ரூட்டர் பயந்துபோய் மேலதிகாரிக்கு ஃபார்வர்டு செய்துவிட்டு அமைதியாகிவிடுவார். காரணத்தை எழுதுவதற்குத்தான் அவர்கள் தயங்குவார்கள். முடிவை மட்டும் எழுதுவதில் அவர்களுக்குச் சிக்கல் இல்லை. அதனால் முடிவை மட்டும் கேளுங்கள்.

யாருக்கு இது தேவை

ரெஸ்யூமே அனுப்பிய மறுநாளே "ப்ரொஃபைல் மேட்ச் ஆகல" என்றால் விட்டுவிடுங்கள். அதற்கெல்லாம் மெயில் கேட்டுக்கொண்டிருந்தால் இரண்டு பக்கமும் நேரம்தான் வீண். இன்டர்வியூ வரை போனவர்களுக்கும், சம்பளப் பேச்சு வரை வந்தவர்களுக்கும், ஆஃபர் லெட்டர் கையில் வாங்கியவர்களுக்கும்தான் இது வேண்டும்.

கன்சல்டன்சி வழியாகப் போனவர்களுக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. உங்கள் ரெஸ்யூமேயை அவர்கள் நிறுவனத்தின் போர்ட்டலில் ஏற்றும்போது உங்கள் மெயில் ஐடியும் மொபைல் எண்ணும் அந்த கன்சல்டன்சியின் கணக்கில் பதிவாகும். அவர்களுக்குள் இருக்கும் ஒப்பந்தத்தைப் பொறுத்து அந்தப் பதிவு சில மாதங்களோ ஒரு வருடமோ நிற்கும். அதற்குள் உங்கள் நண்பர் உள்ளேயிருந்து ரெஃபர் செய்தாலோ, இன்னொரு கன்சல்டன்சி ஏற்றினாலோ "டூப்ளிகேட்" என்று திரும்பிவிடும். இது தவிர, ஒருமுறை நிராகரித்தவரை இத்தனை மாதம் கழித்துத்தான் மறுபடி பார்ப்போம் என்று பல நிறுவனங்கள் கூலிங் பீரியட் வைத்திருக்கின்றன. அது எந்தத் தேதியிலிருந்து ஓட ஆரம்பிக்கிறது என்பது, விண்ணப்பம் எப்போது மூடப்பட்டது என்று தெரிந்தால்தான் புரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "க்ளையன்ட் ரிஜெக்ட் பண்ணிட்டாங்க" என்று போனில் சொல்வது எப்போதும் முழு உண்மையாக இருக்காது. சில சமயம் உங்கள் ரெஸ்யூமே நிறுவனத்துக்கே போயிருக்காது, கன்சல்டன்சியே வடிகட்டியிருக்கும். போனில் சுலபமாகச் சொல்லிவிடும் அந்த வாக்கியத்தை மெயிலில் எழுதச் சொன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள். அந்தத் தயக்கமே உங்களுக்கு ஒரு தகவல்.

போன் வைப்பதற்குள்

அழைப்பு வந்த அந்த ஒரு நிமிடத்தில் வாதம் வேண்டாம். மூன்று விஷயம் மட்டும் தெரிந்தால் போதும்: முடிவு யாருடையது, விண்ணப்பம் மூடப்பட்டதா அல்லது ஹோல்டில் இருக்கிறதா, எந்த மெயில் ஐடிக்கு எழுதினால் அவர் பார்ப்பார். இப்படிக் கேட்கலாம்:

"சொன்னதுக்கு நன்றிங்க. இது நிறுவனத்தோட முடிவுதானே? க்ளோஸ் பண்ணிட்டாங்களா, ஹோல்டா? சரி, நான் ஒரு சின்ன மெயில் போடறேன், ஒரு வரி ரிப்ளை மட்டும் பண்ணிடுங்க."

"ஏன்" என்ற கேள்வி இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். மெயில் வரப்போகிறது என்று போனிலேயே சொல்லி வைப்பதும் முக்கியம். சொல்லாமல் வரும் மெயிலைப் பார்த்தால் ஏதோ புகார் என்று நினைப்பார்கள். சொல்லிவிட்டு வந்தால் வழக்கமான வேலையாக எடுத்துக்கொள்வார்கள்.

போனை வைத்ததும் தேதி, நேரம், பேசியவர் பெயர், அழைத்த எண், அவர் சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றை எழுதிவையுங்கள். வார்த்தைகளை உங்கள் பாணிக்கு மாற்றாதீர்கள். "பட்ஜெட் இல்லையாம்" என்றும் "உங்க எக்ஸ்பெக்டேஷன் ஜாஸ்தி" என்றும் சொல்வது ஒன்றல்ல. கால் லாக்கின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றும் எடுத்துவையுங்கள். பழைய அழைப்புகள் நாளடைவில் பட்டியலிலிருந்து போய்விடும்.

மெயில்

எடுத்துக்காட்டாக ஒருவரை வைத்துக்கொள்வோம். நான்கு வருட அனுபவம் உள்ள ஜாவா டெவலப்பர். ஓ.எம்.ஆரில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு கன்சல்டன்சி வழியாகப் போய் இரண்டு டெக்னிக்கல் சுற்றும் ஒரு மேனேஜர் சுற்றும் முடித்திருக்கிறார். வியாழன் மாலை 4.10-க்கு ரெக்ரூட்டர் கூப்பிட்டு, "மூவ் ஆகல, பட்ஜெட் இஷ்யூன்னு சொன்னாங்க" என்கிறார். அன்று மாலையே நம் ஆள் அனுப்ப வேண்டியது இது:

பொருள்: ஜாவா டெவலப்பர், சென்னை, வேலை எண் (எண்) – இன்று போனில் சொன்ன முடிவு

வணக்கம் (பெயர்),

இன்று மாலை 4.10-க்கு அழைத்துத் தகவல் சொன்னதற்கு நன்றி. மேற்கண்ட வேலைக்கு என் விண்ணப்பத்தை நிறுவனம் மேற்கொண்டு எடுத்துச் செல்லவில்லை என்று சொன்னீர்கள்.

என் குறிப்புக்காக இதை ஒரு வரியில் உறுதிசெய்ய முடியுமா? விண்ணப்பம் நிறுவனத்தின் போர்ட்டலில் மூடப்பட்டுவிட்டதா, ஹோல்டில் இருக்கிறதா என்பதையும், மறுபடி விண்ணப்பிக்கக் கூலிங் பீரியட் இருந்தால் அதையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நான் புரிந்துகொண்டதில் ஏதேனும் தவறு இருந்தால் திருத்திவிடுங்கள்.

(உங்கள் பெயர், மொபைல் எண்)

ஆங்கிலத்தில் அனுப்புவதானாலும் இதே அளவுதான், இதே வரிசைதான். அலங்காரம் வேண்டாம்.

இந்த மெயிலில் "பட்ஜெட்" என்ற சொல்லே இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறது. போகிற போக்கில் சொன்ன காரணத்தை நீங்கள் எழுத்தில் வைத்தால், அதை ஒப்புக்கொள்ள ரெக்ரூட்டருக்கு இன்னொருவர் அனுமதி தேவைப்படும். பதில் அங்கேயே நின்றுவிடும். இன்டர்வியூ பற்றிக் கருத்து வேண்டுமென்றால் ஒரு வாரம் கழித்துத் தனி மெயிலில் கேளுங்கள். இரண்டையும் கலந்தால் இரண்டுமே வராது.

கடைசி வரி மரியாதைக்காக மட்டும் சேர்த்ததல்ல. தவறிருந்தால் திருத்தச் சொல்லியிருப்பதால், அவர் பதிலே போடாவிட்டாலும் அன்று என்ன பேசினீர்கள் என்பதற்கு அந்த நேரத்திலேயே எழுதிய ஒரு பதிவு உங்களிடம் இருக்கும். பதில் வந்திருந்தால் இருக்கும் அளவுக்கு அது வலுவாகாது. ஆனால் மூன்று மாதம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதுவதைவிட எவ்வளவோ மேல். அதனால்தான் அன்றே, முடியாவிட்டால் மறுநாள் காலைக்குள் அனுப்ப வேண்டும் என்கிறேன். ஒரு ரெக்ரூட்டர் ஒரே நேரத்தில் பல வேலைகளுக்கு ஆள் பார்க்கிறவர். ஒரு வாரம் போனால் உங்கள் பெயரே அவருக்குக் குழம்பிவிடும்.

சொந்த மெயிலிலிருந்து அனுப்புங்கள், இப்போது வேலை செய்யும் அலுவலகத்தின் மெயிலிலிருந்து கூடவே கூடாது. முதல் மெயிலில் நிறுவனத்தின் எச்.ஆரை சி.சி.யில் போடாதீர்கள். தன் க்ளையன்டிடம் தன்னைக் காட்டிக்கொடுத்ததாகக் கன்சல்டன்சிக்காரர் எடுத்துக்கொள்வார், அடுத்த வேலைக்கு உங்களை அழைக்கமாட்டார். பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில்தான் என்றால் அதிலேயே இதே வரிகளை அனுப்பலாம். ஆனால் அந்தச் சாட்டில் மறையும் செய்திகள் வசதி இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு, பதில் வந்ததும் சாட்டை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

வரும் பதிலை எப்படிப் படிப்பது

"கன்ஃபர்ம்டு, ப்ரொஃபைல் க்ளோஸ்டு" என்று வந்தால் வேலை முடிந்தது. "யெஸ், ஆஸ் டிஸ்கஸ்டு" என்று மட்டும் வந்தாலும் போதும். உங்கள் மெயிலுக்குக் கீழே அதே தொடரில் அந்தப் பதில் வந்திருப்பதால் எதற்கு "யெஸ்" என்பது தெளிவாகத் தெரியும். ஆகவே ரிப்ளை வந்த பிறகு பழைய வரிகளை அழித்துவிட்டு மேற்கொண்டு எழுதாதீர்கள்.

சிக்கலான பதில் இன்னொன்று உண்டு. நம் ஜாவா டெவலப்பருக்கு வெள்ளிக்கிழமை மதியம் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "பொசிஷன் ஹோல்டில் உள்ளது, அப்டேட் வந்தால் சொல்கிறோம்." போனில் சொன்னது நிராகரிப்பு, மெயிலில் இருப்பது காத்திருப்பு. இரண்டும் முரண்படுகின்றன என்று அவரை மடக்கப் பார்க்காதீர்கள். நிறுவனம் பட்ஜெட்டை நிறுத்தியிருக்கலாம், வேறொருவருக்கு ஆஃபர் கொடுத்துவிட்டு அவர் சேருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருக்கலாம். உங்களை முழுக்க விட்டுவிட மனமில்லாமல் இரண்டாவது ஆளாக வைத்திருப்பது ரெக்ரூட்டர்களின் அன்றாட வழக்கம். ஆனால் உங்களுக்கு விளைவு ஒன்றுதான்: விண்ணப்பம் இன்னும் திறந்திருக்கிறது, கன்சல்டன்சியின் பதிவும் அப்படியே நிற்கிறது, நண்பரின் ரெஃபரல் திரும்பி வரும்.

அப்போது இன்னும் ஒரே ஒரு மெயில்: "ஹோல்டில் வைக்க வேண்டாம், இந்த வேலைக்கான என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், போர்ட்டலிலும் மூடிவிடுங்கள்." காத்திருக்கலாமா, திரும்பப் பெறலாமா என்பது உங்கள் கையில் வேறு வழி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. உள்ளே ரெஃபர் செய்யத் தயாராக ஒருவர் இருந்தால் திரும்பப் பெறுவதே நல்லது என்பேன். ஆனால் அதற்கு முன் அந்த நண்பரிடம் சொல்லி, ரெஃபரலில் உங்கள் மெயில் ஐடியைப் போட்டால் போர்ட்டல் என்ன காட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் திரும்பப் பெற்றாலும் கன்சல்டன்சியின் உரிமைக் காலம் உடனே முடிந்துவிடாது. முடிவெடுக்க வேண்டியது நிறுவனத்தின் எச்.ஆர்தான். அவரிடம் காட்ட உங்களிடம் ஒரு மெயில் இருக்கும், அவ்வளவுதான்.

பதிலே வரவில்லையா? இரண்டு வேலை நாள் கழித்து அதே தொடரில் ஒரு நினைவூட்டல் போடுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் நிறுவனத்திடமே கேட்கலாம். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் இன்டர்வியூவுக்கு வந்த காலண்டர் அழைப்பைத் திறந்து பாருங்கள். அதை அனுப்பியவரின் மெயில் ஐடி பெரும்பாலும் நிறுவனத்தின் ஆள்சேர்ப்புக் குழுவைச் சேர்ந்ததாக இருக்கும். இன்டர்வியூ எடுத்த மேனேஜருக்கு எழுதாதீர்கள். "இந்த வேலை எண்ணுக்கான என் விண்ணப்பத்தின் நிலை என்ன" என்று மட்டும் எச்.ஆருக்கு எழுதுங்கள். கன்சல்டன்சி பற்றிய குறை எதுவும் வேண்டாம். இதற்கும் பதில் இல்லை என்றால் அங்கே நிறுத்திக்கொள்ளலாம். நான்காவது மெயிலுக்குப் பதில் வந்து நான் பார்த்ததில்லை.

ஆஃபர் லெட்டர் வந்த பிறகு என்றால்

இங்கே விஷயமே வேறு. ஆஃபர் லெட்டரை ஏற்றுக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டீர்கள், இப்போதைய வேலையில் ராஜினாமாவும் கொடுத்துவிட்டீர்கள், நோட்டீஸ் பீரியடில் இருக்கிறீர்கள். அப்போது ரெக்ரூட்டர் கூப்பிட்டு "ஆஃபர் ரிவோக் ஆயிடுச்சு" என்கிறார். இதை நிராகரிப்பு என்று சொல்ல முடியாது. ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு உடன்பாட்டிலிருந்து ஒரு தரப்பு விலகுகிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, ஏற்றுக்கொண்ட செய்தி அனுப்பப்பட்டு, அனுப்பியவர் கையை விட்டுப் போவதற்கு முன்பு வரைதான் ஒரு முன்மொழிவைத் திரும்பப் பெற முடியும். அதற்குப் பிறகு பின்வாங்கினால் இழப்பீடு கேட்கும் கேள்வி எழும். ஆஃபர் லெட்டரில் "பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட்டது" போன்ற நிபந்தனைகள் இருந்தால் அது சிக்கலாகும். லெட்டரை முதலில் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

இந்த நிலையில் ரெக்ரூட்டரின் ஒரு வரி போதாது. ஆஃபர் லெட்டரை அனுப்பிய நிறுவன மெயில் ஐடிக்கே எழுதுங்கள். லெட்டரின் தேதி, நீங்கள் ஏற்ற தேதி, சேர வேண்டிய தேதி, போனில் சொல்லப்பட்ட தேதியும் நேரமும் என நான்கையும் குறிப்பிட்டு, ஆஃபர் ரத்து என்றால் அதை நிறுவனத்தின் பெயரில் எழுத்தில் தரச் சொல்லுங்கள். "எழுத்தில் வரும் வரை ஆஃபர் நடப்பில் இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறேன், குறித்த தேதியில் சேரத் தயாராக இருக்கிறேன்" என்ற வரியும் இருக்கட்டும். இது மிரட்டல் ஆகாது. போனில் சொன்னதை நம்பி நீங்களே விலகிவிட்டீர்கள் என்று பின்னால் சொல்ல இடம் கொடுக்காமல் இருப்பதற்குத்தான்.

இதற்காகக் காத்திருக்காமல் அன்றே இப்போதைய மேனேஜரிடம் பேசி, ராஜினாமாவைத் திரும்பப் பெற முடியுமா என்று கேளுங்கள். நோட்டீஸ் பீரியட் முடியாதவரைதான் அதற்கு நல்ல வாய்ப்பு, உங்கள் இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டால் கஷ்டம். பலர் அவமானமாக நினைத்து இரண்டு வாரம் ஓட்டிவிடுகிறார்கள்.

சொன்ன காரணமே தவறாக இருந்தால்

காரணத்தை எழுதாதீர்கள் என்று மேலே சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. "கல்யாணம் ஆனவங்கள எடுக்கறதில்ல", "ஆபீஸ் மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல, உங்களுக்கு சரிப்படாது" என்பது போல ரெக்ரூட்டர் சொன்னால், அந்த வார்த்தைகளையே மேற்கோள் குறிக்குள் மெயிலில் வைத்துவிடுங்கள். அவர் அதை ஒப்புக்கொள்ளமாட்டார். ஆனால் மறுத்து எழுதுகிறாரா, மௌனமாக இருக்கிறாரா என்பது பதிவாகும்.

இந்த மாதிரி விதிகள் வாய்வழியாகவே நடமாடும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பேசப்பட்ட ஒரு விவகாரம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள ஃபாக்ஸ்கான் ஐஃபோன் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. அந்த விதி ஆள்சேர்ப்பு ஏஜென்சிகளுக்கு வாயால் சொல்லப்பட்டதாக அந்தச் செய்தி கூறியது. 1976-ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு ஆள்சேர்ப்பில் ஆண் பெண் பாகுபாட்டைத் தடுக்கிறது என்று சுட்டிக்காட்டி, மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. பாகுபாடு காட்டுவதில்லை என்று நிறுவனம் மறுத்தது. ஆள்சேர்ப்பில் பாலினப் பாகுபாடு கூடாது என்ற அதே தடை, 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது.

மாற்றுத்திறனாளிகளுக்கு 2016-ஆம் ஆண்டு உரிமைகள் சட்டம் இருக்கிறது, புகாரை மாநில ஆணையரிடம் கொண்டுபோகலாம். திருநர்களுக்கு 2019-ஆம் ஆண்டு சட்டமும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 2017-ஆம் ஆண்டு சட்டமும் வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடை செய்கின்றன. இந்த வழிகளில் போவதாக இருந்தால் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாதீர்கள். மூல மெயில் உங்கள் இன்பாக்ஸிலேயே இருக்கட்டும், வாட்ஸ்அப் என்றால் அந்தப் போனையே மாற்றாமல் வைத்திருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் காட்ட ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். மூலம் கையில் இருந்தால் அந்தச் சான்றிதழைத் தருவது எளிது. வழக்கறிஞரைப் பார்ப்பது இந்தக் கட்டத்தில்தான், முதல் மெயிலுக்கு அவர் தேவையில்லை.

பொதுத்துறை நிறுவனத்திலோ அரசு அலுவலகத்திலோ இருந்து இப்படி ஒரு போன் வந்தால் மேலே சொன்ன பணிவான மெயில் வழியெல்லாம் வேண்டாம். அங்கே தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசு அமைப்புகளுக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டு உங்கள் மதிப்பெண்ணையும் தேர்வு நிலையையும் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மனுவில் "ஏன் எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டத்தில் ஆவணத்தைத்தான் கேட்க முடியும், விளக்கத்தைக் கேட்க முடியாது. "இன்ன தேதியில் நடந்த நேர்காணலில் எனக்கு வழங்கப்பட்ட மதிப்பெண் பதிவின் நகல்" என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.